சப்ளையர் கோப்புகளிலிருந்து ஜிஎஸ்டி எண், காலாவதித் தேதி, வங்கிக் கணக்கு எடுத்த அனுபவம்

எலக்ட்ரோபிளேட்டிங் செய்து தரும் ஒரு சப்ளையர் அனுப்பிய மாசுக் கட்டுப்பாட்டு அனுமதிகளில் ஒன்று காலாவதியாகியிருந்தது. சப்ளையர் ஆவணங்களைப் படிக்க நான் எழுதிய நிரல், யாரும் சொல்லாமலே அதைப் பிடித்துக் காட்டியது. அதே பிடிஎப்பில் இன்னொரு தேதி இன்னும் முடியாமல் இருந்ததால், கையால் சரிபார்த்த நாட்களில் அது எங்கள் கண்ணுக்குத் தப்பியிருந்தது. இனி இந்த வேலையை நம்பிப் பயன்படுத்தலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். பவுண்டரி, மெஷினிங் ஜாப் ஒர்க், பிளேட்டிங், அட்டைப்பெட்டி என்று எங்கள் சப்ளையர்களில் பெரும்பாலோர் சிறு பட்டறைக்காரர்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்க ஜிஎஸ்டி சான்றிதழ், பான் கார்டு, உத்யம் சான்றிதழ், கேன்சல்டு செக், தேவைப்படுபவர்களிடம் ஐஎஸ்ஓ சான்றிதழும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் வாங்குவோம். அவற்றிலிருந்து எண்களையும் தேதிகளையும் பார்த்து எக்ஸெல்லில் தட்டச்சு செய்வதுதான் பழைய முறை.

இருக்கிற அலுவலகக் கணினி, பைத்தான், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் கருவியான டெசரக்ட், பிடிஎப்பைக் கையாளும் பாப்ளர் கருவிகள், ஒரு பிளாட்பெட் ஸ்கேனர் ஆகியவற்றை வைத்தே செய்தேன். மென்பொருளுக்குப் பணம் செலவாகவில்லை. செலவானது நேரம்தான், அதிலும் பெரும்பகுதி செக்குக்கே போனது.

வெறும் படமா, எழுத்தே உள்ளதா

கையில் வரும் பிடிஎப் இரண்டு வகை. ஜிஎஸ்டி தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய சான்றிதழில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். அதையே அச்சடித்து, சீல் வைத்து, போனில் படமெடுத்து அனுப்பினால் அது வெறும் படம். எனவே எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் இதை ஓட்டுகிறேன்:

```
pdftotext -layout vendor.pdf -
```

ஏதாவது எழுத்து வந்தால் ஓசிஆர் வேண்டியதில்லை. தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய கோப்பில் எழுத்துப் பிழைக்கே இடமில்லை. வெற்றாக வந்தால் மட்டும் `pdftoppm -r 300` கொண்டு படமாக்கி டெசரக்டுக்கு அனுப்புகிறேன்.

வாட்ஸப்பில் வரும் படங்களால்தான் பெரிய தொல்லை. சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்ஸலுக்குச் சுருங்கிவிடுகிறது. ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம். வகுத்துப் பார்த்தால் அங்குலத்துக்கு 137 புள்ளிதான் மிஞ்சுகிறது. டெசரக்ட் நன்றாகப் படிக்க 300 வேண்டும். படத்தை மென்பொருளில் பெரிதாக்கினால் 8-க்கும் B-க்கும் உள்ள வேறுபாடு திரும்பி வருவதில்லை. 'படமாக அனுப்பாதீர்கள், டாகுமென்டாக அனுப்புங்கள்' என்று சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டதில் கிடைத்த பலன், நான் எழுதிய எந்தப் படத் திருத்தத்திலும் கிடைக்கவில்லை.

ஜிஎஸ்டி எண்: தன்னைத் தானே சரிபார்க்கும் எண்

ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடங்களில் அப்படியே பான் எண். பதின்மூன்றாவது, அந்த பானுக்கு அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பதைச் சொல்லும். பதினான்காவது வழக்கமாக Z. கடைசி எழுத்து, முன்னுள்ள பதினான்கிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சோதனை எழுத்து.

இந்த அமைப்பு தெரிந்துவிட்டால் ஓசிஆர் பிழைகளில் பாதி இட விதியாலேயே சரியாகிவிடும். எழுத்து வரவேண்டிய இடத்தில் 5 வந்தால் அது S. எண் வரவேண்டிய இடத்தில் O வந்தால் அது சுழியம். ஆனால் பதின்மூன்றாவது இடத்திலும் பதினைந்தாவது இடத்திலும் எண்ணும் வரலாம், எழுத்தும் வரலாம். அங்கே இட விதி உதவாது. சோதனை எழுத்துக்கான கணக்கு இவ்வளவுதான்:

```python
A = "0123456789ABCDEFGHIJKLMNOPQRSTUVWXYZ"

def gst_check(s14):
    total = 0
    for i, ch in enumerate(s14):
        p = A.index(ch) * (1 if i % 2 == 0 else 2)
        total += p // 36 + p % 36
    return A[(36 - total % 36) % 36]
```

ஒரு எடுத்துக்காட்டு. பான் எண்ணின் நான்கு இலக்கங்கள் 0001-இல்தான் தொடங்குகின்றன என்பதால், யாருடைய எண்ணாகவும் இருந்துவிடாதபடி இங்கே 0000 வைத்து எழுதுகிறேன். ஒரு கூட்டு நிறுவனத்தின் எண் 33AAAFS0000D1ZB என்று கொள்வோம். பானில் நான்காவது எழுத்தாக உள்ள F, அது பங்குதாரர் நிறுவனம் என்பதைக் காட்டுகிறது. மங்கலான ஸ்கேனிலிருந்து டெசரக்ட் தந்தது `33AAAF5OO0OD1Z8`. இட விதி 5-ஐ S ஆக்கியது, O-க்களைச் சுழியமாக்கியது. மிஞ்சியது 33AAAFS0000D1Z8. முதல் பதினான்கு இடங்களுக்கும் கணக்கிட்டால் கூட்டுத்தொகை 169. அதை 36-ஆல் வகுத்தால் மீதி 25. 36-இலிருந்து 25 போனால் 11, அதாவது B. படித்தது 8. இரண்டும் ஒன்றுபோல் தெரியும் எழுத்துகள் என்பதால் B என்று ஏற்கலாம்.

பன்னிரண்டாவது இடத்தில் உள்ள D-இலும் எனக்கு ஐயம் இருந்தது. மங்கலான அச்சில் D, O போலத் தெரியும். இரண்டும் எழுத்துகளே என்பதால் இட விதியால் பிரிக்க முடியாது. O என்று வைத்துக் கணக்கிட்டால் சோதனை எழுத்தாக O வரவேண்டும். படித்த 8-க்கும் அதற்கும் ஒப்பில்லை. எனவே D-தான்.

இந்தக் கணக்கு ஓரெழுத்துப் பிழை எதையும் தப்பவிடாது. ஆனால் ஒரே எண்ணில் இரண்டு மூன்று எழுத்துகள் ஐயத்துக்குரியவையாக இருந்தால், சாத்தியங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும்போது தவறான ஒன்று தற்செயலாகப் பொருந்திவிட வாய்ப்பு உண்டு. சோதனை எழுத்துக்கு மொத்தம் 36 சாத்தியங்கள்தானே. அதனால் ஒரே ஒரு சாத்தியம் மட்டும் பொருந்தினால்தான் நிரல் ஏற்கிறது. அப்போதும் 'திருத்தி ஏற்றது' என்று தனியாகக் குறிக்கிறது. பிறகு பான் கார்டிலிருந்து தனியாகப் படித்த எண்ணோடு நடுப் பத்து எழுத்துகளையும் ஒப்பிடுகிறது. இரண்டு தாள்களும் ஒரே எண்ணைச் சொல்லும்போது வரும் உறுதி, ஒரே தாளை எத்தனை முறை படித்தாலும் வராது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோதனை எழுத்து பொருந்தினால் எண் சரியாகப் படிக்கப்பட்டது என்றுதான் பொருள். அந்தப் பதிவு இன்றைக்கும் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதைச் சான்றிதழ் சொல்லாது. அதற்கு ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டுத் தேடித்தான் பார்க்க வேண்டும். கேப்சா இருப்பதால் அதைக் கையால்தான் செய்கிறோம். பார்த்த தேதியை எக்ஸெல்லில் ஒரு தனிப் பத்தியில் எழுதி வைக்கிறோம்.

தேதி: நான்கு நிலைகள்

முதலில் 'சரி', 'இல்லை' என்று இரண்டு நிலைகளே வைத்தேன். ஓட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லா சப்ளையரும் சிவப்பில் வந்தார்கள். ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழில் `Period of Validity` என்ற வரி உண்டு. வழக்கமான வரிதாரருக்கு அதில் முடிவுத் தேதி இருக்காது, `Not Applicable` என்றிருக்கும். நிரல் அதைத் 'தேதி காணவில்லை' என்று எடுத்துக்கொண்டது. உத்யம் சான்றிதழிலும் காலாவதித் தேதி கிடையாது. எல்லாம் சிவப்பாக இருந்தால் உண்மையான சிவப்பை யார் பார்ப்பார்கள்? கணக்குப் பிரிவு அக்கா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடிவைத்துவிட்டார்.

அதன் பிறகு 'இல்லை' என்பதை நான்கு நிலைகளாகப் பிரித்தேன். ஆவணமே வரவில்லை என்பது ஒன்று. ஆவணம் இருக்கிறது, தேதியைப் படிக்க முடியவில்லை என்பது இரண்டு. தேதி தெரிகிறது, கடந்துவிட்டது அல்லது நெருங்குகிறது என்பது மூன்று. இந்த வகை ஆவணத்துக்குக் காலவரம்பே இல்லை என்பது நான்கு. ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் சப்ளையரைக் கூப்பிட வேண்டும். இரண்டாவதற்கு நாங்களே தாளைத் திறந்து பார்த்தால் போதும். நான்காவதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். எந்த ஆவணத்துக்குக் காலவரம்பு உண்டு, எதற்கு இல்லை என்பதைச் சிறிய அட்டவணையாக நிரலுக்கு வெளியே வைத்திருக்கிறேன். விதி மாறினால் நிரலைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம்.

நிலையை எங்கும் சேமிப்பதில்லை. தேதியை மட்டும் சேமித்து, பட்டியலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய தேதியோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறது. 'சரி' என்று மார்ச்சில் எழுதி வைத்த ஒரு சொல் ஏப்ரலில் பொய்யாகிவிடும்.

ஐஎஸ்ஓ சான்றிதழில் வேறு சிக்கல். முதன்முதலில் சான்று பெற்ற நாள், இந்தப் பிரதி வழங்கிய நாள், கண்காணிப்புத் தணிக்கை நடக்க வேண்டிய நாட்கள், முடியும் நாள் என்று ஒரே பக்கத்தில் பல தேதிகள். கடைசித் தேதியை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், சில நிறுவனங்கள் முடிவுத் தேதியை மேலேயும் தணிக்கைத் தேதியைக் கீழேயும் அச்சிடுகின்றன. எனவே தேதியைத் தேடாமல் பக்கத்தில் உள்ள சொல்லைத் தேடுகிறேன். `Valid until`, `Expiry`, `Valid up to` போன்றவற்றில் ஒன்று கிடைத்தால் அதே வரியில், இல்லாவிட்டால் அடுத்த வரியில் உள்ள தேதி. அப்படிக் கிடைக்காவிட்டால் ஊகிக்காமல் இரண்டாம் நிலைக்குத் தள்ளிவிடுகிறது. 03/04/2026 போல நாளும் மாதமும் இரண்டுமே 12-க்குள் இருந்து, சான்று வழங்கியது வெளிநாட்டு நிறுவனமாகவும் இருந்தால், அதுவும் இரண்டாம் நிலைதான். மார்ச்சா ஏப்ரலா என்று நிரலால் தீர்மானிக்க முடியாது.

இப்போது அந்த பிளேட்டிங் சப்ளையர் விஷயம். எங்களுக்கு வந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆணைகளில் தேதிக்கென்று கட்டம் கிடையாது. `valid for the period ending March 31, 2026` என்று ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும். பெரும்பாலும் `March 31,` ஒரு வரியிலும் ஆண்டு அடுத்த வரியிலும் உடைந்து கிடக்கும். வரிமுறிவுகளை எல்லாம் இடைவெளியாக மாற்றிய பிறகே தேட வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், அனுமதி ஒன்றல்ல, இரண்டு. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்படி ஒன்று, 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தின்படி ஒன்று. இரண்டு ஆணைகளையும் ஒரே பிடிஎப்பாகச் சேர்த்து அனுப்புவார்கள்.

இந்த சப்ளையர் அனுப்பியதில் நீர் அனுமதி புதுப்பித்தது, காற்று அனுமதி பழையது. முதல் பக்கத்தில் நீர் ஆணை இருந்ததால், கையால் பார்த்தவர் அந்தத் தேதியை எழுதிவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விட்டார். நிரலின் முதல் வடிவமும் கோப்புக்கு ஒரு தேதி என்றுதான் எடுத்தது, அதே விடைதான் வந்தது. பக்கம் பக்கமாகப் பிரித்து, `Water` என்ற சட்டப்பெயர் உள்ள ஆணையையும் `Air` உள்ள ஆணையையும் தனித்தனி ஆவணமாகப் பதிந்த பிறகுதான் பழைய தேதி வெளியே வந்தது. சப்ளையரிடம் கேட்டோம். புதுப்பித்த காற்று ஆணை அவர் ஆபீஸ் மேசையிலேயே இருந்தது. பழையதைச் சேர்த்து ஸ்கேன் செய்திருக்கிறார். மறுநாள் அனுப்பிவிட்டார்.

கேன்சல்டு செக்

வங்கிக் கணக்கு எண்ணில் ஜிஎஸ்டி எண்ணைப் போலப் பொதுவான சோதனை எழுத்து எதுவும் இல்லை. ஓர் இலக்கம் தவறினால் அது தவறு என்று அந்த எண்ணே சொல்லாது. பணம் வேறொருவருக்குப் போகலாம். அதனால் இந்தப் பகுதியில் மட்டும் வேகத்தைப் பற்றி நினைக்கவே இல்லை.

9 முதல் 18 இலக்கம் வரை உள்ள எண்ணைத் தேடு என்று எழுதியதும், கணக்கு எண்ணுக்குப் பதிலாகப் பல செக்குகளில் 641-இல் தொடங்கும் ஒன்பது இலக்கம் வந்தது. அது செக்கின் கீழ் வரியில் அச்சாகும் எம்ஐசிஆர் குறியீடு. முதல் மூன்று இலக்கம் நகரம், கோயம்புத்தூருக்கு 641. அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. ஒன்பது இலக்கத்தை ஒதுக்கிவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. ஒன்பது இலக்கக் கணக்கு எண்களும் புழக்கத்தில் உள்ளன. கீழ் வரியில் அதற்குப் பக்கத்தில் உள்ள ஆறு இலக்க எண்ணும் முழுக் கணக்கு எண் இல்லை.

எனவே செக்கின் அடிப்பகுதியையே வெட்டி எறிந்தேன். அந்த வரிக்கென்று ஒதுக்கிய பட்டையின் உயரம் 5/8 அங்குலம். 300 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 188 பிக்ஸல். கொஞ்சம் கூடுதலாக 200 பிக்ஸல் வெட்டிய பிறகு, `A/c No` என்ற சொல்லுக்கு வலப்புறம் உள்ள கட்டத்தை மட்டும் படிக்கச் சொன்னேன்.

அடுத்த தொல்லை பேனா. 'கேன்சல்டு' என்று எழுதிக் குறுக்கே இரண்டு கோடு போடும்போது, கோடு சரியாகக் கணக்கு எண்ணின் மேல்தான் விழுகிறது. ஒரு சப்ளையரைக் கூப்பிட்டேன்.

"சார், அக்கவுண்ட் நம்பர் மேலேயே கோடு போட்டுட்டீங்க. படிக்க முடியலைங்க."

"ஏனுங்க, கேன்சல்டு செக்குன்னா குறுக்கக் கோடு போடணும்னுதானுங்க சொல்றாங்க?"

அவர் சொன்னதிலும் தவறில்லை. இதற்கு ஒரு வழி கிடைத்தது. கோடு நீல மையாகவும் அச்சு கறுப்பாகவும் இருந்தால், வண்ணப் படத்தின் நீலத் தடத்தை மட்டும் பிரித்தெடுத்தால் மைக்கோடு வெளிறிவிடும், அச்சு அப்படியே நிற்கும். ஆனால் ஸ்கேன் வண்ணத்தில் இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் அந்தத் தகவல் அங்கேயே தொலைந்துவிடும். கறுப்புப் பேனாவுக்கு இந்த வழி பயன்படாது. அப்போது வேறொரு செக்கைக் கேட்பதுதான் சரி.

எண்ணை மட்டும் படி என்று டெசரக்டுக்கு எல்லை வைக்கலாம்:

```
tesseract ac.png out --psm 7 -c tessedit_char_whitelist=0123456789
```

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கறையோ கோடோ எதுவானாலும் அது ஏதாவது ஓர் இலக்கமாக மாறி வரும், ஐயம் வெளியே தெரியாது. அதனால் ஒரே கட்டத்தை எல்லையோடு ஒரு முறையும் எல்லையில்லாமல் ஒரு முறையும் படிக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மனிதர் பார்வைக்கு. ஒத்துப்போனாலும், சப்ளையர் தம் படிவத்தில் தட்டச்சு செய்து தந்த எண்ணோடு இலக்கத்துக்கு இலக்கம் பொருந்த வேண்டும்.

ஐஎப்எஸ்சி எளிது. 11 இடங்கள், முதல் நான்கும் எழுத்து, ஐந்தாவது எப்போதும் சுழியம். அங்கே O வந்தால் கேள்வியே இல்லாமல் சுழியம். ஆனால் பழைய செக் புத்தகங்கள் இன்னும் மேசையில் கிடக்கின்றன. அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று இந்தியன் வங்கியோடு இணைந்துவிட்டது. ALLA என்று தொடங்கும் செக்கை நிரல் சரியாகவே படிக்கும். அந்தக் குறியீட்டுக்குப் பணம் போகாது. ரிசர்வ் வங்கி வெளியிடும் ஐஎப்எஸ்சி பட்டியலை இறக்கி வைத்து, அதில் உள்ளதா என்று பார்க்கிறேன். இல்லாவிட்டால் 'பழைய குறியீடாக இருக்கலாம்' என்று எழுதுகிறது.

பெயர் ஒப்பீட்டில், ஒருவரே உரிமையாளராக உள்ள தொழில்கள் தகராறு செய்தன. ஜிஎஸ்டியில் சட்டப்பெயர் உரிமையாளர் பெயர், வணிகப்பெயர் பட்டறையின் பெயர். செக்கில் அச்சாகியிருப்பது பட்டறையின் பெயர். பானின் நான்காவது எழுத்து P என்றால் இரண்டில் எதனோடு பொருந்தினாலும் ஏற்கும்படி மாற்றினேன். F, C என்றால் சட்டப்பெயரோடு பொருந்தினால்தான் தானாக ஏற்கும்.

எல்லாம் சரியாக வந்து கடைசியில் எக்ஸெல்லில் கெட்டது. எக்ஸெல் எண்ணாக எடுத்துக்கொள்ளும் எதிலும் 15 இலக்கம்தான் துல்லியம். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். அப்படி ஒன்றை எண்ணாக ஒட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். சுழியத்தில் தொடங்கும் கணக்கு எண்களில் முன்சுழியம் காணாமல் போகும். ஓபன்பைஎக்ஸெல் நூலகத்தில் அந்தப் பத்திக்கு `'@'` என்ற வடிவம் கொடுத்து, மதிப்பையும் சரமாகவே எழுதினேன். அதோடு எழுதிய கோப்பை மறுபடி திறந்து மூல எண்ணோடு ஒப்பிடும் ஒரு வரியும் சேர்த்தேன். சிஎஸ்வி கோப்பு கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அதை யாராவது எக்ஸெல்லில் இருமுறை சொடுக்கித் திறந்து சேமித்தால் அதே கதைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் வங்கி விவரம் கணக்கு மென்பொருளுக்குத் தானாகப் போவதில்லை. ஒருவர் ஏற்ற, இன்னொருவர் ஒப்புகிறார். முதல் பணம் அனுப்புவதற்கு முன் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று சப்ளையரிடம் கேட்கிறோம். கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், அந்த அஞ்சலில் உள்ள தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிடுவதில்லை. எங்கள் பழைய பதிவில் உள்ள எண்ணுக்கே கூப்பிடுகிறோம்.

அடுத்த முறை மாற்றுவது

முதலில் படிவத்தை வைத்து, பிறகு ஓசிஆரை எழுதுவேன். சப்ளையரே எண்களைத் தட்டச்சு செய்து தரட்டும். தாளிலிருந்து படிப்பது அதைச் சரிபார்க்க மட்டும். தாளிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று தொடங்கியதால்தான் செக்குக்கு அவ்வளவு நேரம் போனது. செக் கேட்கும் கடிதத்திலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'கேன்சல்டு' என்பதைக் கையெழுத்து இடத்துக்கு அருகில் நீல மையில் எழுதுங்கள், கணக்கு எண்ணின் மேல் கோடு வரவேண்டாம்.

காலாவதிக்கு 60 நாள் முன்பே எச்சரிக்கை என்று வைத்திருக்கிறேன். ஐஎஸ்ஓவுக்கு அது போதவில்லை. மறுசான்றுத் தணிக்கைக்கு நாள் வாங்கி, குறைகளைச் சரிசெய்து, புதிய தாள் கைக்கு வருவதற்குள் பழையது முடிந்துவிடுகிறது. ஆவண வகைக்கு ஏற்ப இந்த நாட்களை மாற்றும் பத்தி அந்த வெளி அட்டவணையில் இன்னும் சேரவில்லை. ஐஎஸ்ஓவுக்கு 120 என்று போட்டுத் தொடங்கப் போகிறேன்.